கோளங்களை அடுக்கும்போது 74% எங்கே தவறிப்போகிறது

அறுங்கோண அடுக்கல், கனசதுர அடுக்கல் இரண்டில் எது அதிக நெருக்கம் என்று கேட்டால் பலர் யோசிக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான், இரண்டிலும் கோளங்கள் நிரப்பும் இடம் 74.05%. இதை மனப்பாடமாக வைத்திருப்பவர்களுக்கும் ஏன் என்று தெரிவதில்லை, அதனால்தான் கணக்குப் போடும்போது சறுக்குகிறது.

ஆரம் r கொண்ட ஒரே அளவுள்ள கோளங்களைத் தட்டையாக நெருக்கி அடுக்குங்கள். நடுவில் இருக்கும் ஒவ்வொரு கோளத்தையும் ஆறு கோளங்கள் தொடும். இதை A அடுக்கு என்போம். மூன்று கோளங்கள் கூடும் இடத்தில் எல்லாம் ஒரு பள்ளம் இருக்கும், ஒரு கோளத்தைச் சுற்றி இப்படி ஆறு பள்ளங்கள். இரண்டாவது அடுக்கு எல்லாப் பள்ளங்களிலும் உட்காரும் என்று நினைப்பது முதல் தவறு. பக்கத்துப் பக்கத்துப் பள்ளங்களுக்கு இடையே உள்ள தூரம் 1.15r தான், இரண்டு கோளங்கள் அருகருகே உட்கார 2r வேண்டும். ஆகவே ஒன்று விட்டு ஒன்றுதான் நிரம்பும். நிரம்பியவை B, காலியாக நிற்பவை C.

மூன்றாவது அடுக்கில்தான் வழி பிரிகிறது. அது A-க்கு நேர் மேலே வந்தால் ABAB, அதாவது அறுங்கோண அடுக்கல். காலியாக நின்ற C-க்கு மேலே வந்தால் ABCABC, அது கனசதுர அடுக்கல். எப்படி வைத்தாலும் ஒவ்வொரு அடுக்கும் கீழே உள்ளதன் பள்ளத்தில்தான் உட்காருகிறது, இறங்கும் ஆழமும் ஒன்றுதான். அதனால் அடுக்கலில் மீண்டும் மீண்டும் வரும் சிறு கட்டமான அலகுக்கூடே இல்லாமல், ஒரே ஒரு அடுக்கை வைத்து இரண்டுக்கும் சேர்த்துக் கணக்கை முடித்துவிடலாம்:

```
ஒரு கோளத்துக்குரிய பரப்பு  = 2√3 r² = 3.464 r²
அடுக்குகளுக்கு இடையே உயரம் = 2r × √(2/3) = 1.633 r
ஒரு கோளத்துக்குரிய இடம்   = 5.657 r³
கோளத்தின் கன அளவு        = 4.189 r³
4.189 / 5.657 = 0.7405
```

இங்கே உயரத்தை 2r என்று போடுபவர்கள் நிறைய. அப்படிப் போட்டால் 0.60 வரும். அது கோளத்தின் தலைக்கு நேர் மேலே இன்னொரு கோளத்தை நிறுத்தியதற்கான விடை, பள்ளத்தில் உட்கார்ந்ததற்கு அல்ல.

சரி, அலகுக்கூடு வழியாகத்தான் போட வேண்டும் என்றால் கனசதுரத்தில் ஒரு பொறி இருக்கிறது. ABCABC அடுக்கலின் அலகுக்கூடு, மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் கோளங்கள் உள்ள முகப்பு மைய கனசதுரம், அதன் விளிம்பு a. இதில் மூலைக் கோளங்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. முகத்தின் மூலைவிட்டத்தில்தான் தொடுகின்றன, ஆகவே 4r = √2 a. விளிம்பில் தொடுவதாக நினைத்து a = 2r என்று எழுதினால் கூட்டுக்குள் அடங்கும் நான்கு கோளங்களுக்குப் பொதிவுத் திறன் 2.09 வரும், அதாவது 209%! விடை ஒன்றைத் தாண்டினாலே தொடும் இடம் தப்பு என்று புரிந்துகொள்ளலாம். அடர்த்தி கேட்கும் கணக்கில் இது ஒளிந்துகொள்ளும். தாமிரத்தின் ஆரம் 1.278 Å. சரியான a-வைப் போட்டால் 3.615 Å, அடர்த்தி 8.9 கி/செ.மீ³. தவறான a-வைப் போட்டால் 25-க்கு மேல் வரும், தனிமங்களிலேயே அதிக அடர்த்தி கொண்ட ஆஸ்மியமே 22.6 தான்.

இன்னொன்று, ABC அடுக்குகளைக் கனசதுரத்தின் தரைக்கு இணையாகத் தேடாதீர்கள். கூட்டை ஒரு மூலையில் நிறுத்தி, உடல் மூலைவிட்டம் செங்குத்தாக இருக்கும்படி பாருங்கள், அப்போதுதான் அவை தெரியும்.

ABAB அடுக்கலின் கூடான அறுங்கோணப் பட்டகத்தில் தவறு வேறு மாதிரி வரும். கனசதுரப் பழக்கத்தில் மூலைக் கோளத்துக்கு 1/8 என்று எழுதிவிடுவார்கள். இங்கே ஒரு மூலையை ஆறு பட்டகங்கள் பகிர்கின்றன, எனவே 12 × 1/6 = 2, மேல் கீழ் முகங்களின் நடுவில் உள்ளவை 2 × 1/2 = 1, உள்ளே முழுதாக 3, மொத்தம் 6. 1/8 போட்டால் 5.5 ஆகி விடை 0.679 வரும். இது ரொம்ப ஏமாற்றும் எண், ஏனென்றால் மூலைகளிலும் கூட்டின் நடுவிலும் கோளங்கள் உள்ள பொருள் மைய கனசதுரத்தின் விடையும் 0.68 தான். தெரிந்த எண் வந்துவிட்டதே என்று பேனாவை மூடிவிடாதீர்கள்.

அப்புறம், அறுங்கோண அமைப்பு என்று பட்டியலில் போட்டிருக்கும் எல்லா உலோகத்துக்கும் 74% எழுதக் கூடாது. கூட்டின் உயரம் c, இரண்டு அடுக்கு உயரம்; இங்கே a என்பது அறுங்கோணத்தின் பக்கம், அதாவது 2r. கோளங்கள் உண்மையிலேயே தொட்டால் c/a = 1.633. மக்னீசியத்துக்கு 1.624, கிட்டத்தட்ட சரி. துத்தநாகத்துக்கு 1.856. அதில் ஓர் அணுவுக்குத் தன் அடுக்கிலுள்ள ஆறு அண்டை அணுக்கள் 2.66 Å தூரத்திலும், மேலும் கீழுமாக உள்ள ஆறு அணுக்கள் 2.91 Å தூரத்திலும் இருக்கின்றன. அடுக்கல் வரிசை அதே ABAB தான், ஆனால் அடுக்குகள் ஒன்றையொன்று தொடவில்லை. ஓர் அடுக்குக்குள் தொடும் கோளங்களாகக் கணக்கிட்டால் 0.7405 × 1.633 / 1.856, அதாவது சுமார் 65% தான் நிரம்புகிறது.