ககுரோ: இரண்டு தொடர்கள் வெட்டிக்கொள்ளும் கட்டத்திலிருந்து தொடங்குங்கள்

ககுரோ என்ற எண் புதிரைப் புதிதாகப் போடுபவர்கள் பெரும்பாலும் மேல் இடது மூலையில் தொடங்கி, ஒவ்வொரு குறிப்பெண்ணாகக் கூட்டிப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். நான்காவது, ஐந்தாவது கட்டத்துக்குள் பத்து வழிகள் முளைத்துவிடும், அழிப்பான் தேய்ந்துவிடும். புதிர் கடினமாக இருப்பதால் இப்படி ஆவதில்லை. தொடங்கிய இடம்தான் தவறு. எங்கே தொடங்குவது, அடுத்த கட்டத்துக்கு எப்படி நகர்வது என்பதைப் பத்தே வெள்ளைக் கட்டங்கள் கொண்ட ஒரு சிறிய புதிரைப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

விதிகள்

குறுக்கெழுத்துப் போட்டி தெரிந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. வெள்ளைக் கட்டங்கள் இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் தொடர்களாக நிற்கும். எழுத்துக்குப் பதில் 1 முதல் 9 வரையிலான எண்களை எழுத வேண்டும். ஒவ்வொரு தொடரின் தொடக்கத்திலும் ஒரு குறிப்பெண் இருக்கும். அந்தத் தொடரில் எழுதும் எண்களின் கூட்டுத்தொகை அதுவாக இருக்க வேண்டும். ஒரே தொடருக்குள் எந்த எண்ணும் இரண்டு முறை வரக்கூடாது.

சுடோகு போட்டுப் பழகியவர்கள் இந்தக் கடைசி விதியில்தான் தடுமாறுகிறார்கள். ஒரே வரியில் நடுவே கறுப்புக் கட்டம் வந்துவிட்டால் அங்கே ஒரு தொடர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது. இடப்பக்கத் தொடரில் 8 இருந்தாலும் வலப்பக்கத் தொடரில் இன்னொரு 8 தாராளமாக வரலாம்.

மனப்பாடம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்

எல்லாக் கூட்டுச் சேர்க்கைகளையும் பட்டியலாக அச்சிட்டு வைத்துக்கொள்பவர்கள் உண்டு. என் கருத்தில் அந்தப் பட்டியல் தொடக்கத்தில் உதவுவதைவிடக் குழப்புவதே அதிகம். ஒரே ஒரு சேர்க்கை மட்டும் உள்ள குறிப்பெண்கள் தெரிந்தால் போதும். அப்படிப்பட்ட குறிப்பெண் உள்ள தொடரை இறுக்கமான தொடர் என்று சொல்கிறேன்.

இரண்டு கட்டத் தொடரில் 3 என்றால் 1, 2 மட்டுமே. 4 என்றால் 1, 3 மட்டுமே. 2, 2 என்று எழுத முடியாது அல்லவா? மூன்று கட்டத்தில் 6 என்றால் 1, 2, 3. 7 என்றால் 1, 2, 4. நான்கு கட்டத்தில் 10 என்றால் 1, 2, 3, 4. 11 என்றால் 1, 2, 3, 5.

மறுகோடியில் உள்ள பெரிய குறிப்பெண்களைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு எண்ணையும் 10-லிருந்து கழித்தால் அவை தாமாக வந்துவிடும். 1, 2 என்பது 9, 8 ஆகும். அது இரண்டு கட்டத்தில் 17. 1, 3 என்பது 9, 7 ஆகும்; அது 16. 1, 2, 4 என்பது 9, 8, 6 ஆகும்; அது மூன்று கட்டத்தில் 23. நான்கு கட்டத்தில் 29 என்ன என்று இதே முறையில் நீங்களே கண்டுபிடித்துப் பாருங்கள்: 9, 8, 7, 5.

புதிர்

```
  ■    17↓   16↓    ■     ■
 16→   அ1    அ2    10↓    ■
 11→   ஆ1    ஆ2    ஆ3    3↓
  ■    15→   இ2    இ3    இ4
  ■     ■    4→    ஈ3    ஈ4
```

வலப்பக்க அம்பு உள்ள எண் இடமிருந்து வலம் போகும் தொடருக்கும், கீழ்நோக்கிய அம்பு உள்ள எண் மேலிருந்து கீழ் போகும் தொடருக்கும் உரியது. அ1, அ2 என்று பெயரிட்டிருப்பவை நிரப்ப வேண்டிய வெள்ளைக் கட்டங்கள். தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

வரைந்ததும் ஒரு சரிபார்ப்பு செய்யுங்கள். இடமிருந்து வலம் போகும் குறிப்பெண்கள் 16, 11, 15, 4; கூட்டினால் 46. மேலிருந்து கீழ் போகிறவை 17, 16, 10, 3, இவையும் 46. ஒவ்வொரு வெள்ளைக் கட்டமும் இரண்டு பக்கமும் ஒரு முறை எண்ணப்படுவதால் இந்த இரண்டு தொகைகளும் சமமாக இருந்தே ஆக வேண்டும். சமமாக இல்லையென்றால் புதிரை நகலெடுத்தபோது ஏதோ ஓர் எண் மாறிவிட்டது என்று பொருள். (இந்தப் புதிரில் எல்லாக் கட்டங்களுக்கும் இரு திசையிலும் தொடர் இருப்பதால் கணக்கு நேராக வருகிறது.)

படி 1: இரண்டு இறுக்கமான தொடர்கள் சந்திக்கும் கட்டம்

அ1-ஐப் பாருங்கள். இடமிருந்து வலம் 16. ஆகவே அங்கே 7 அல்லது 9 வர வேண்டும். மேலிருந்து கீழ் 17; ஆகவே 8 அல்லது 9 வர வேண்டும். இரண்டு பட்டியலிலும் இருப்பது 9 மட்டும். அ1 = 9. அதோடு அ2 = 7, ஆ1 = 8 என்பதும் முடிந்துவிட்டது.

எதிர் மூலையில் ஈ4 இருக்கிறது. 4-க்கு 1, 3. 3-க்கு 1, 2. பொது எண் 1. எனவே ஈ4 = 1, ஈ3 = 3, இ4 = 2.

பத்தில் ஆறு கட்டங்கள் இப்படியே நிரம்பிவிட்டன. எதையும் ஊகிக்கவில்லை. ஒரு தொடர் மட்டும் இறுக்கமாக இருந்தால் எந்த எண்கள் என்பது தெரியும். எந்த எண் எந்தக் கட்டத்தில் என்பது தெரியாது. அதைச் சொல்வது குறுக்கே வரும் தொடர்தான். அதனால்தான் புதிரைக் கையில் எடுத்ததும் குறிப்பெண்களைத் தனித்தனியாகப் பார்க்காமல், இறுக்கமான இரண்டு தொடர்கள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று தேட வேண்டும்.

படி 2: மீதியைக் கழித்து, பொருந்தாததை நீக்குவது

இரண்டாவது வரியின் குறிப்பெண் 11. ஆ1-இல் 8 போய்விட்டது. ஆ2-க்கும் ஆ3-க்கும் சேர்த்து மீதி 3. எனவே அவை 1, 2. எது எங்கே?

ஆ2-இல் 2 வைத்துப் பார்ப்போம். அந்தச் செங்குத்துத் தொடரின் குறிப்பெண் 16. மேலே 7, நடுவே 2. கீழே இ2-க்கு 7 மிச்சம். தக்கலையில் ஏழாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது அவள் இங்கேதான் நிறுத்தினாள்.

“சித்தப்பா, கூட்டுத்தொகை 16 சரியாக வருகிறதே?”

“வருகிறது மக்களே. ஆனால் அ2-இல் என்ன இருக்கிறது என்று பார்.”

அ2-இல் ஏற்கெனவே 7 இருக்கிறது. ஒரே தொடரில் இரண்டு 7 கூடாது. ஆகவே ஆ2 = 1, ஆ3 = 2, இ2 = 8.

கூட்டுத்தொகை சரியாக வந்துவிட்டால் மனம் உடனே திருப்தி அடைந்துவிடும். எண் திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்க மறந்துவிடும். தொடர் நீளமாக நீளமாக இது கண்ணில் படாமல் போகும் வாய்ப்பும் கூடுகிறது. ஒரு தொடரை முடித்ததும் கூட்டிப் பார்ப்பதற்கு முன்பே திரும்ப வந்த எண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மீதி இருப்பது இ3. மூன்றாவது வரியில் 15-லிருந்து 8-ஐயும் 2-ஐயும் கழித்தால் 5. செங்குத்தாக 10-லிருந்து 2-ஐயும் 3-ஐயும் கழித்தாலும் 5. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால்தான் புதிர் முடிந்தது என்று நம்பலாம். ஒன்றில் 5, மற்றதில் 6 என்று வந்தால், கடைசிக் கட்டத்தைத் திருத்திப் பயனில்லை. பிழை முன்பே எங்கோ நுழைந்திருக்கிறது.

ஒரு பகுதியை மட்டும் கூட்டிப் பார்ப்பது

படி 2-ஐ வேறு விதமாகவும் செய்திருக்கலாம். பெரிய புதிர்களில் இந்த வழி அதிகம் கைகொடுக்கும்.

மேலே உள்ள இரண்டு வரிகளை மட்டும் கூட்டுங்கள்: 16 + 11 = 27. இடப்பக்கச் செங்குத்துத் தொடர்கள் இரண்டையும் கூட்டுங்கள்: 17 + 16 = 33. அ1, அ2, ஆ1, ஆ2 ஆகிய நான்கும் இரண்டு தொகையிலும் இருக்கின்றன. முதல் தொகையில் கூடுதலாக இருப்பது ஆ3 மட்டும். இரண்டாவதில் கூடுதலாக இருப்பது இ2 மட்டும். ஆக, 33-க்கும் 27-க்கும் உள்ள வேறுபாடுதான் இந்த இரண்டு கட்டங்களின் வேறுபாடு. இ2 என்பது ஆ3-ஐவிட 6 அதிகம்.

ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாத நிலையிலேயே இது தெரிந்துவிடுகிறது. ஆ3-இல் 1, 2, 3 தவிர வேறெதுவும் வர முடியாது. இ2-இல் அதற்கேற்ப 7, 8, 9. பிறகு அ2 = 7 என்று தெரிந்ததும் இ2-இல் 7 இல்லை, எனவே ஆ3-இல் 1 இல்லை. ஈ3 = 3 என்று தெரிந்ததும் ஆ3-இல் 3-உம் இல்லை. மிஞ்சுவது 2. எதையும் வைத்துப் பார்த்து அழிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

புதிரின் ஒரு மூலை மற்ற பகுதியோடு ஓரிரு கட்டங்கள் வழியாக மட்டுமே இணைந்திருந்தால் அங்கே இந்தக் கணக்கைப் போடுங்கள். பல கட்டங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வேறுபாடு கிடைக்கும், ஆனால் அதிலிருந்து பயன் ஏதும் வராது.

இறுக்கமான தொடர் இல்லாத இடத்தில்

நாளிதழில் வரும் பெரிய புதிரில் எல்லா மூலையும் இவ்வளவு தாராளமாக இருக்காது. எடுத்துக்காட்டாக, நான்கு கட்டத் தொடரில் குறிப்பெண் 20 என்று வைத்துக்கொள்வோம். இதற்கு 12 சேர்க்கைகள் உண்டு. நான்கு கட்டத் தொடருக்கு இதைவிட மோசமான குறிப்பெண் கிடையாது. நேரடியாக இதைத் தாக்கக் கூடாது.

அந்த நான்கில் இரண்டு கட்டங்கள் வழியாகக் குறிப்பெண் 4 உள்ள இரண்டு கட்டச் செங்குத்துத் தொடர்கள் இறங்குகின்றன என்றால், அந்த இரண்டு கட்டங்களிலும் 1 அல்லது 3. ஒன்றில் 1 என்றால் மற்றதில் 3. எது எங்கே என்று இன்னும் தெரியாது. தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டும் சேர்ந்து 4-ஐ எடுத்துக்கொண்டுவிட்டன. மற்ற இரண்டு கட்டங்களுக்கு 16. அப்படியென்றால் அங்கே 7, 9. பன்னிரண்டு சேர்க்கைகள் ஒன்றாகச் சுருங்கிவிட்டன.

இந்த மாதிரி இடங்களில் கட்டத்தின் மூலையில் சாத்தியமான எண்களைச் சிறியதாகக் குறித்துவைக்க வேண்டும். மூன்று எண்களுக்கு மேல் சாத்தியம் உள்ள கட்டத்தில் எதையும் குறிக்க வேண்டாம் என்பது என் பழக்கம். தாள் நிரம்பிவிடும், கண் எதையும் பிடிக்காது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் பாசஞ்சர் ரயிலில் உட்கார்ந்து போடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆடும் பெட்டியில் எழுதிய 1-உம் 7-உம் குழித்துறை தாண்டுவதற்குள் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். 7-க்கு நடுவே ஒரு சிறு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

குறித்த எண்களை அழிப்பதிலும் ஒரு வரிசை உண்டு. ஒரு கட்டம் முடிவானதும், அது இருக்கும் இரண்டு தொடர்களிலும் உள்ள மற்றக் கட்டங்களின் குறிப்புகளை உடனே திருத்துங்கள். பிறகு திருத்தப்பட்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் குறுக்கே போகும் தொடரைப் பாருங்கள். அடுத்த எண் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். வேறு மூலைக்குத் தாவுவது அங்கே எதுவும் அசையாதபோது மட்டும்.