வேலை முடிந்து விலகிய வாடிக்கையாளருக்கு ஒரு யோசனையுடன் எழுதுவது எப்படி?

ஓராண்டுக்கு முன் வேலை முடித்துக் கொடுத்த வாடிக்கையாளருக்கு, "வணக்கம், நலமா? ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதினால், பெரும்பாலும் பதில் வராது. அவருக்கு நம் மீது கோபம் எதுவும் இருக்காது. அப்போதைக்குக் கொடுக்க வேலை இல்லை, இல்லை என்று எழுதவும் சங்கடம் என்பதால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்கிறார், பிறகு மறந்துவிடுகிறார். அதே மனிதருக்கு அவர் தொழிலில் இன்றே பயன்படுத்திக்கொள்ளக்கூடிய ஒரு சிறு யோசனையை அனுப்பினால், "நன்றி, பார்க்கிறேன்" என்று எழுதுவது அவருக்கு எளிது. இணையதளம் வடிவமைத்துத் தரும் ஒருவர், தம் பழைய வாடிக்கையாளரான ஒரு பிசியோதெரபி மருத்துவருக்கு எழுதுவதாக வைத்துக்கொண்டு, அந்த மடலை எப்படித் தயாரிப்பது என்று பார்ப்போம்.

முதல் படி: பழைய மடல்களைப் படித்தல்

எழுதத் தொடங்குமுன் அந்த வாடிக்கையாளருடன் நடந்த கடைசி மடல் தொடரைத் திறந்து, வேலை எப்படி முடிந்தது என்று படித்துப் பாருங்கள். பணம் பாக்கியிருந்தாலோ, அவர் குறை சொல்லி நீங்கள் பதில் சொல்லாமல் விட்டிருந்தாலோ, யோசனை மடல் அங்கே பொருந்தாது. முதலில் அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டும். வேலை சுமுகமாக முடிந்து, அதன் பிறகு பேச்சு தானாக நின்றுபோயிருந்தால் மட்டுமே அடுத்த படிக்குச் செல்லலாம்.

இரண்டாம் படி: யோசனையைக் கண்டுபிடித்தல்

இதற்குத்தான் அதிக நேரம் தேவை. உங்களிடம் விற்க என்ன இருக்கிறது என்று யோசிக்காமல், அந்த மருத்துவரிடம் வரும் நோயாளியைப் போல அவருடைய தளத்திற்குள் கைப்பேசியில் நுழைந்து பாருங்கள். நம் எடுத்துக்காட்டில், தளம் முடிந்த பிறகு வேறு யாரோ ஒரு முன்பதிவுப் படிவத்தைச் சேர்த்திருக்கிறார்கள். அதில் கைப்பேசி எண்ணுக்கான கட்டத்தைத் தொட்டால் எண்பலகைக்குப் பதிலாக எழுத்துப்பலகை திறக்கிறது. கட்டம் சாதாரண எழுத்துக் கட்டமாக, அதாவது `type="text"` என்று அமைக்கப்பட்டிருப்பதே காரணம். மேல்வரிசையில் உள்ள சிறிய எண்களைத் தேடி அழுத்தும்போது ஓர் இலக்கம் தவறினாலும், மருத்துவமனையால் அந்த நோயாளியைத் திரும்ப அழைக்க முடியாது. அதற்கான திருத்தம் ஒரே வரிதான்:

```html
<input type="tel" name="phone" autocomplete="tel">
```

இப்படி மாற்றினால் கைப்பேசியில் எண்பலகை திறக்கும். உலாவியில் சேமித்துவைத்த எண் இருந்தால் அதையே நிரப்பிக்கொள்ளவும் வாய்ப்பு கிடைக்கும். ஆனால் `tel` என்பது எண் சரியானதுதானா என்று தானாகச் சோதிக்காது. அந்த வரம்பை அறியாமல் "இனித் தவறான எண்ணே வராது" என்று எழுதிவிட்டால், அடுத்த வாரமே உங்கள் சொல் பொய்த்துப்போகும்.

கண்டுபிடித்ததும் அதை ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ஐபோனிலும் திறந்து உறுதிசெய்து, திரையை ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள். சோதிக்கிறேன் என்று படிவத்தை அனுப்பிவிடாதீர்கள். வரவேற்பில் இருப்பவர் இல்லாத நோயாளிக்காக நேரம் ஒதுக்கிவைப்பார். படிவத்தை அமைத்தவர் நீங்களே என்றால், அதை யோசனை என்று சொல்லி அனுப்புவது நேர்மையல்ல. "என் வேலையில் ஒரு குறை கண்டேன், கட்டணமின்றித் திருத்தித் தருகிறேன்" என்றுதான் எழுத வேண்டும்.

யோசனை தகுதியானதுதானா என்று அறிய நான் பயன்படுத்தும் சோதனை ஒன்றுதான்: உங்களுக்குப் பதிலே போடாமல், உங்களுக்கு ஒரு பைசாவும் தராமல், அவர் அதை முழுமையாகச் செய்துகொள்ள முடியுமா? "உங்கள் தளத்தில் மூன்று பிழைகள் உள்ளன, பேசினால் சொல்கிறேன்" என்று பாதியை மறைத்துவைத்தால், படிப்பவர் அதைத் தூண்டில் என்று உடனே கண்டுகொள்வார். இதைப் போலவே முழுத் தளத்தையும் மாற்றச் சொல்லும் பெரிய யோசனையும் உதவாது. அது யோசனை வேடத்தில் வந்த விலைப்புள்ளி.

மூன்றாம் படி: எழுதுதல்

பழைய மடல் தொடரிலேயே பதிலாக எழுதினால், நீங்கள் யார் என்பது கீழேயே இருக்கும். பழைய தொடர் கிடைக்காவிட்டால் புதிதாக எழுதுங்கள். நடக்காத உரையாடலைத் தொடர்வது போலத் தலைப்பில் `Re:` என்று பொய்யாகச் சேர்க்காதீர்கள். மடல் இப்படி இருக்கலாம்:

> பொருள்: முன்பதிவுப் படிவத்தில் கைப்பேசி எண் கட்டம்
>
> மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,
>
> வணக்கம். சென்ற ஆண்டு உங்கள் இணையதளத்தை வடிவமைத்துக் கொடுத்தவன் நான். இன்று கைப்பேசியில் தளத்தைப் பார்த்தபோது, முன்பதிவுப் படிவத்தில் கைப்பேசி எண் கட்டத்தைத் தொட்டால் எழுத்துப்பலகை திறப்பதைக் கவனித்தேன் (படம் இணைத்துள்ளேன்). எண்பலகை திறந்தால் நோயாளிகள் எண்ணைத் தவறாக அழுத்துவது குறையலாம்.
>
> தளத்தைப் பராமரிப்பவரிடம், அந்தக் கட்டத்தில் `type="text"` என்று இருப்பதை `type="tel"` என்று மாற்றச் சொன்னால் போதும். சில நிமிட வேலைதான்.
>
> இதற்குப் பதில் எழுத வேண்டிய அவசியமில்லை. மாற்றும்போது ஏதேனும் ஐயம் வந்தால் எழுதுங்கள்.

மருத்துவருக்குக் குறியீடு தெரியத் தேவையில்லை. இந்த மடலை அப்படியே பராமரிப்பவருக்கு அனுப்பினால் வேலை நடந்துவிடும். படிவத்தைச் சேர்த்தவரைப் பற்றி மடலில் ஒரு சொல்லும் இல்லை என்பதையும் கவனியுங்கள். அவர் மருத்துவரின் உறவினராகக்கூட இருக்கலாம்.

எழுதி முடித்ததும் கை தானாகச் சேர்க்க விரும்பும் வரிகள் சில உண்டு: "நீண்ட நாட்களாகத் தொடர்பில் இல்லாததற்கு மன்னிக்கவும்", "இப்போது நான் புதிதாக இவற்றையும் செய்து தருகிறேன்", "இந்த வாரம் பத்து நிமிடம் பேசலாமா?" இவற்றுள் எது நுழைந்தாலும், மேலே சொன்ன யோசனை வெறும் முன்னுரையாகச் சுருங்கிவிடும். உங்கள் வழக்கமான கையொப்பமே நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிடும்.

நான்காம் படி: அனுப்பிய பின்

மடல் `550 5.1.1` என்ற குறிப்போடு திரும்பி வந்தால், அந்த முகவரி இப்போது இல்லை என்று பொருள். தளத்தில் உள்ள பொது முகவரிக்கு, யாருக்கானது என்று குறிப்பிட்டு மீண்டும் அனுப்பலாம். பதிலே வரவில்லையென்றால் "என் மடலைப் பார்த்தீர்களா?" என்று நினைவூட்டாதீர்கள். பதில் தேவையில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? மூன்று நான்கு மாதம் கழித்து, வேறொரு யோசனை உண்மையிலேயே கிடைத்தால் மட்டும் எழுதுங்கள்.

"நன்றி" என்று மட்டும் வந்தால் ஒரு வரியில் மறுமொழி எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் விலைப்பட்டியலை நீட்டுவதுதான் தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு. "நீங்களே மாற்றித் தர முடியுமா?" என்று கேட்டால், கட்டணம் உண்டா இல்லையா என்பதைத் தொடங்கும் முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பழைய கடவுச்சொல் இன்னும் வேலை செய்கிறதே என்று, அவர் கேட்பதற்கு முன் உள்ளே நுழைந்து திருத்திவிடக் கூடாது. நல்லெண்ணத்தில் செய்தாலும் அது அனுமதியில்லாத நுழைவுதான்.

அனுப்பிய தேதியையும், எந்த யோசனை என்பதையும், பதில் வந்ததா என்பதையும் ஒரு தாளிலோ அட்டவணையிலோ குறித்துவையுங்கள். அடுத்த முறை தளத்தைத் திறக்கும்போது அந்தக் கட்டம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாறியிருந்தால், பதில் வராவிட்டாலும் உங்கள் மடல் படிக்கப்பட்டிருக்கக்கூடும்.