கான்செப்ட் டிரிஃப்ட்: போன மாதத்தை ஜனவரியோடு அப்படியே ஒப்பிடாதீர்கள்

சிங்கப்பூரில் ஆன்லைன் கடைகளுக்கான கார்டு மோசடி மாடல்களோடுதான் என் பிழைப்பு. உள்ளீட்டுக்கும் மோசடிக்கும் உள்ள உறவு காலப்போக்கில் மாறி, மாடல் கற்றது பழசாகிப்போவதுதான் கான்செப்ட் டிரிஃப்ட். அதைக் கவனிப்பதில் புதிதாக வேலைக்கு வருபவர்கள் வேறு எதில் சறுக்கினாலும் பொறுத்துக்கொள்வேன். முதலில் சொல்லப்போகும் தவறு மட்டும் இன்றும் எரிச்சலூட்டுகிறது.

லேபிள் வந்து சேருமுன் தீர்ப்பு எழுதுவது

"அண்ணே, மோசடி குறைஞ்சிருக்கு, மாடல் நல்லா ஓடுது" என்று ஒரு வரைபடத்தை நீட்டுவார்கள். கோடு கடைசி மாதங்களில் அழகாக இறங்கும். எப்போது பார்த்தாலும் அப்படித்தான் இறங்கும். கார்டுக்காரர் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து, வங்கியிடம் புகார் செய்து, அது பணத்தைத் திருப்பிக் கேட்கும் சார்ஜ்பேக்காக நம்மிடம் வர வாரக்கணக்கில் ஆகும். பெரும்பாலும் 120 நாள்வரை அவகாசம் உண்டு. அதுவரை மோசடியா இல்லையா என்ற லேபிள் வராது, எல்லாமே நல்ல பரிவர்த்தனையாகத்தான் தெரியும்.

ஓர் உதாரணக் கணக்கு. ஜனவரியில் 10,000 பரிவர்த்தனைகள். இதுவரை 30 மோசடி. ஜூலை இறுதியில் பார்த்தால், அதே அளவு நடந்த ஜூனில் 22. குறைவு என்று தோன்றுகிறது, இல்லையா? இப்போது ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் முதல் 30 நாளுக்குள் வந்த புகாரை மட்டும் எண்ணுங்கள். ஜனவரிக்கு 12, ஜூனுக்கு 18. ஜனவரியில் மொத்தத்தில் 40 சதவீதம்தான் அந்த 30 நாளில் வந்தது. அதே வேகம் என்றால் ஜூன் 45-இல் போய் நிற்கும். மோசடி ஒன்றரை மடங்காகிவிட்டது!

இதில் ஒரு சிக்கல் உண்டு. வங்கி தன் செயலியில் புகார் பட்டன் வைத்தால் புகார்கள் முன்கூட்டியே வரும், மோசடி கூடாமலே 18 வரும். ஏப்ரல், மே மாதங்களின் 30 நாள், 60 நாள் எண்ணிக்கைகளின் விகிதம் மாறியிருக்கிறதா என்று பார்த்தால் இது பிடிபடும்.

இதைவிட மோசம், நேற்றுவரையான டேட்டாவைப் போட்டு மறுபயிற்சி கொடுப்பது. ஜூனின் 45-இல் மீதி 23-ஐயும் "நல்லது" என்று மாடலுக்கு நாமே கற்றுக்கொடுக்கிறோம். அதுவும் சரியாகப் புது வகை மோசடியை! பயிற்சி டேட்டாவை 120 நாளுக்கு முன்பே வெட்டுங்கள். இடைப்பட்ட காலத்துக்குக் கையால் எழுதிய ஒரு விதி போதும்.

பிஎஸ்ஐ 0.25-ஐத் தாண்டியதும் பதறுவது

11.11 தள்ளுபடியில் தொகைகள் எகிறும், உள்ளீடுகளின் பரவல் பழையதிலிருந்து எவ்வளவு விலகியது என்று அளக்கும் பிஎஸ்ஐயும் எகிறும். உள்ளீடு மாறியிருக்கிறது, மோசடிக்கும் அதற்குமான உறவு மாறியதாக அர்த்தமில்லை.

பழைய மாடலை அழிப்பது

வேண்டாம்.

தடுத்ததை மறப்பது

மாடல் தடுத்த பரிவர்த்தனைக்கு லேபிளே வராது. அதன் கணிப்பு அங்கே தப்பாகிப்போனாலும் தெரியாது. தடுக்க வேண்டியவற்றில் நூற்றில் ஒன்றைக் குலுக்கலில் தேர்ந்து தடுக்காமல் விடுங்கள், 50 வெள்ளிக்குக் கீழ் மட்டும். நிதிப் பிரிவு முணுமுணுக்கும். அந்த நஷ்டத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.