விமானத்தில் ஏறும் பயணிகளுக்கு வரவேற்பு அறிவிப்பு: எழுதுவதும் பேசுவதும்

கேபின் பணியில் சேர்ந்த புதிதில் நான் எழுதிய அறிவிப்பு இது: "தங்கள் உடைமைகளை மேலே உள்ள பெட்டியிலோ முன் இருக்கைக்கு அடியிலோ பாதுகாப்பாக வைத்துவிட்டு, பிறருக்கு இடையூறின்றி இருக்கையில் அமருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் நடைபாதையில் ஒருவரும் நகரவில்லை. கேட்பவர் ஒரு கையில் பையும் மறு கையில் போர்டிங் பாஸுமாக நின்றுகொண்டு இருக்கை எண்ணைத் தேடுகிறார். தமிழில் வினை கடைசியில்தான் வரும். 'அமருமாறு' வருவதற்குள் முதல் பாதி அவருக்கு மறந்துவிடும். அதனால் ஒரு வாக்கியத்துக்கு ஒரே ஒரு வேலை.

முதலில் வணக்கம். உடனே விமான எண்ணும் போகும் ஊரும். தவறான விமானத்தில் ஏறியவர் இதைக் கேட்டுத்தான் திடுக்கிடுவார். எண்ணை 'இருநூற்றுப் பதினான்கு' என்று சொல்லாமல் தனித்தனி இலக்கமாகச் சொல்லுங்கள். ஊர்ப் பெயருக்குப் பின் ஒரு விநாடி நிறுத்துங்கள்.

அப்புறம் பை. 'உடைமைகள்' வேண்டாம், 'பை' போதும். பெரியது எங்கே, சின்னது எங்கே என்று பிரித்துச் சொன்னால் முதல் முறை பறப்பவருக்கும் புரியும். அவசர வழி வரிசையில் தரையில் பை வைக்கக் கூடாது. அதை அங்கே உட்காருபவரிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

எழுதி முடித்தால் இப்படி இருக்கும்:

"வணக்கம். இது விமானம் இரண்டு ஒன்று நான்கு. (ஊர்ப் பெயர்) செல்கிறது. உங்களை அன்போடு வரவேற்கிறோம். பெரிய பையைத் தலைக்கு மேலே உள்ள பெட்டியில் வையுங்கள். சின்னப் பையை முன் இருக்கைக்கு அடியில் வையுங்கள். அடுத்தவருக்கு வழிவிட, உங்கள் வரிசைக்குள் நகர்ந்து நில்லுங்கள். உதவி வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிடுங்கள்."

நிதானமாகப் பேசினாலும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். இன்னொரு மொழியிலும் சொல்ல வேண்டுமா? ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அதே வரிசையில் அடுத்ததைச் சொல்லுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் மொழி மாறினால் இரு தரப்புக்கும் தலை சுற்றும்.

'சீட் பெல்ட் போடுங்கள்' என்று இதிலேயே சேர்க்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். பயணிகள் ஏறும்போதே எரிபொருள் நிரப்பினால், அவசரமாக இறங்க வேண்டி வரலாம் என்பதால் பெல்ட்டைப் போடாமல் இருக்கச் சொல்வது வழக்கம். பாதுகாப்பு வாசகங்களை நிறுவனக் கையேட்டில் உள்ளபடியே, அதற்குரிய நேரத்தில் படியுங்கள். அதில் சொந்தச் சரக்கு வேண்டாம்.

சரி, இனி பேசுவது. கைக்கருவியின் பொத்தானை அழுத்தி, ஒரு கணம் விட்டு ஆரம்பியுங்கள். அவசரப்பட்டால் 'வணக்கம்' 'ணக்கம்' ஆகிவிடும். வாயருகே பிடித்து, சாதாரணக் குரலில் பேசுங்கள். கண் நடைபாதையில் இருக்கட்டும். 'நகர்ந்து நில்லுங்கள்' என்றதும் இரண்டு பேராவது வரிசைக்குள் ஒதுங்கினால் புரிந்திருக்கிறது. எல்லோரும் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தால், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள்.