ஐந்து பேர் மொழிபெயர்ப்பு, ஒரே நடை: பெரிய கோப்பைப் பிரிப்பது எப்படி?

90,000 சொற்கள் கொண்ட கொதிகலன் கையேடு ஒன்று தமிழாக்கத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நாளுக்கு 2,000 சொல் முடித்தாலும் 45 நாள் ஆகும். கையில் இருப்பதோ நான்கு வாரம். ஐந்து பேருக்குப் பிரித்தாக வேண்டும்.

வந்த அன்றே கூறுபோட்டு அனுப்பிவிடாதீர்கள். நான் அப்படி அனுப்பிப் பட்டிருக்கிறேன். ஒரே பொருள் இரண்டாம் இயலில் ‘வால்வு’, மூன்றில் ‘ஓரதர்’, ஐந்தில் ‘அடைப்பிதழ்’ என்று வந்து நின்றது.

1. திரும்ப வருவதைத் தனியே எடுங்கள். “மின் இணைப்பைத் துண்டித்த பிறகே மூடியைத் திறக்கவும்” போன்ற எச்சரிக்கைகள் எல்லா இயல்களிலும் வரும். அவற்றை ஒருவரே முதலில் முடித்து, மொழிபெயர்ப்பு நினைவகக் கோப்பாக மற்ற நால்வருக்கும் தரட்டும்.

2. ஒரே பக்கத்தை ஐவரும் செய்யட்டும். 300 சொல் போதும். ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘திறக்கவும்’, ‘திறங்கள்’, ‘திறக்க வேண்டும்’ என்று மூன்று விதம் கண்டிப்பாக இருக்கும். ஒன்றை முடிவுசெய்து நடைக்குறிப்பில் எழுதுங்கள். அந்தக் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிப்பதில்லை.

3. சொற்பட்டியல். ஒமேகா-டி என்ற இலவச மென்பொருளில் இது வெறும் உரைக்கோப்புதான். மூலச்சொல், தமிழ்ச்சொல், குறிப்பு மூன்றுக்கும் நடுவே டேப் விசையைத் தட்டுங்கள்:

```
valve	வால்வு	ஓரதர் வேண்டாம்
pressure	அழுத்தம்	
stress	தகைவு	அழுத்தம் அல்ல
```

குறிப்பு எழுதும் மூன்றாவது நெடுவரிசையை விட்டுவிடாதீர்கள். சண்டை வருவதெல்லாம் அங்கேதான் தீரும். பட்டியலில் புதுச்சொல் சேர்க்கும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். மற்றவர்கள் அவரிடம் கேட்கட்டும்.

4. இயல்வாரியாகப் பிரியுங்கள். பக்கக் கணக்கில் வெட்டினால் ஒரே பாகத்தின் விளக்கம் இரண்டு பேர் கைக்குப் போய்விடும். ஒவ்வொருவரும் முதல் 1,000 சொல்லை முடித்ததும் மேற்பார்ப்பவருக்கு அனுப்ப வேண்டும். அங்கே பிடிபடும் பிழை, மீதி 17,000 சொல்லில் பெருகாது.

5. சரிபார்க்கும்போது வேர்ப்பகுதியைத் தேடுங்கள். தமிழில் ‘அழுத்தம்’ என்று தேடினால் ‘அழுத்தத்தை’, ‘அழுத்தக் குறைவு’ எல்லாம் தப்பிவிடும். ‘அழுத்த’ என்று தேடினால் அகப்படும். அதைவிட நல்லது, மூலத்தில் `valve` வரும் வரிகளையெல்லாம் வடிகட்டி, எதிரே உள்ள தமிழில் ‘வால்வ’ இல்லாதவற்றை மட்டும் பார்ப்பது. ‘வால்வை’, ‘வால்வில்’ இரண்டிலும் அந்தத் துண்டு இருக்கும்.

கண்ணுக்குச் சரியாகத் தெரியும் சொல்லையும் தேடல் சில சமயம் காட்டாது. ‘கொதிகலன்’ என்பதில் உள்ள ‘கொ’வை ஒருவர் ஒரே உயிர்க்குறியாகவும், இன்னொருவர் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் தட்டியிருப்பார். திரையில் வேறுபாடு தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு. சேர்ப்பதற்கு முன் எல்லாக் கோப்புகளையும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யுனிகோடு `NFC` வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.