பையைத் தூக்கி, வந்து கொடுத்தார்: க், ச், த், ப் எங்கே போடுவது?

வீட்டில் பிள்ளையின் தமிழ்க் கட்டுரையைப் பார்க்கும் சிங்கப்பூர் பெற்றோர் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. விதிகள் நிறைய, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம், ஒற்று எதுவும் போடாமல்:

தாத்தா பையை தூக்கி கொண்டு தேக்காவுக்கு போய் மீனை பார்த்து வாங்கி வந்து கொடுத்தார்.

முதலில், அடுத்த சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். க, ச, த, ப வரிசை எழுத்துகளில் தொடங்கினால்தான் யோசிக்கவே வேண்டும். 'போய் மீனை', 'பார்த்து வாங்கி', 'வாங்கி வந்து' மூன்றையும் அப்படியே விட்டுவிடலாம்.

அப்புறம், முன்னால் இருக்கும் சொல்லின் முடிவு. 'ஐ' உருபிலோ 'கு' உருபிலோ முடிந்தால் தயங்காமல் போடுங்கள்: பையைத் தூக்கி, தேக்காவுக்குப் போய், மீனைப் பார்த்து. 'தாத்தா பையை' என்பதில் தாத்தா எழுவாய், உருபு கிடையாது, அதனால் ஒற்றும் இல்லை.

இனிதான் பலர் தடுமாறும் இடம், வினையெச்சம். 'இ'யில் முடிந்தால் மிகும், அதனால் தூக்கிக்கொண்டு. 'உ'வில் முடிந்தால் மட்டும் அதற்கு முன் நிற்கும் மெய்யைப் பாருங்கள். த்து, ட்டு, ற்று என்று வல்லின மெய் இருந்தால் மிகும்: எடுத்துக் கொடுத்தார், கேட்டுச் சொன்னார், விற்றுத் தந்தார். ந்து, ண்டு, ன்று, ய்து என்று முடிந்தால் மிகாது: வந்து கொடுத்தார், சென்று பார்த்தார், செய்து தந்தார். நம் வாக்கியத்தில் 'கொண்டு தேக்காவுக்கு' ஒற்றில்லாமல் நிற்பது இதனால்தான். 'வந்துக் கொடுத்தார்' என்று எழுதும் பிழைதான் நான் அதிகம் பார்ப்பது, விதி தெரிந்தவர்கள்கூட பழக்கத்தில் ஒரு க் சேர்த்துவிடுகிறார்கள்.

சந்தேகம் வந்தால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பேச்சிலேயே 'பையத் தூக்கி' என்று த் அழுத்தமாக விழும். 'வந்து கொடுத்தார்' என்னும்போது அந்த அழுத்தம் வராது.

ஆக, முழு வாக்கியம்:

தாத்தா பையைத் தூக்கிக்கொண்டு தேக்காவுக்குப் போய் மீனைப் பார்த்து வாங்கி வந்து கொடுத்தார்.

'அ'வில் முடியும் சொல்லில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 'மீன் வாங்கப் போனார்' என்றால் ப் உண்டு, ஏனென்றால் 'வாங்க' அடுத்த வினையோடு சேர்கிறது. 'வாங்கிய பை' என்றால் கிடையாது, அது பெயரோடு சேரும் பெயரெச்சம். இங்கே ஈற்றெழுத்தை மட்டும் பார்த்தால் போதாது, அந்தச் சொல் எதைத் தழுவி நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும்.