ஆறு மாதச் சலுகை முடிந்ததும் இணைய லைனை வெட்டலாமா? பலர் செய்யும் தவறுகள்

செந்தூலில் கைப்பேசிக் கடை நடத்துகிறேன். ரீலோட் போட வருகிறவர்கள் கூடவே வீட்டு பைபர் இணையத்தின் பில்லையும் நீட்டி, "இது ஏன் திடீர்னு ஏறிருச்சு?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்பவர்கள் மாறுகிறார்கள், செய்த தவறு மாறுவதில்லை. பாசார் மாலாமிலோ பேரங்காடியின் கீழ்த்தளத்திலோ மேசை போட்டு நிற்கும் முகவரிடம் "முதல் ஆறு மாசம் 89 ரிங்கிட்தான்" என்று கேட்டுக் கையெழுத்து போட்டிருப்பார்கள். ஏழாவது மாதம் 139 ரிங்கிட் வரும்.

தேதியை மறப்பது, சின்ன எழுத்தைப் படிக்காமல் விடுவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. தெரியாமல் பணம் போகிற இடங்களைத்தான் சொல்கிறேன். கீழே வரும் தொகைகள் கணக்கு புரிவதற்கான எடுத்துக்காட்டுகள். உங்கள் பில்லில் உள்ளதை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

சலுகைக் காலம்தான் ஒப்பந்தக் காலம் என்று நினைப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இந்தத் தவறுதான். "ஆறு மாசம் மலிவா ஓட்டுவோம், விலை ஏறுறப்போ வெட்டிடுவோம்" என்ற திட்டத்தோடு கையெழுத்து போடுகிறார்கள். கைப்பேசிச் செயலிகளின் சந்தாவுக்கு அந்தத் திட்டம் சரி. வீட்டு இணையத்துக்குச் சரிவராது. மலிவு விலை ஆறு மாதத்துக்கு; ஒப்பந்தம் பெரும்பாலும் 24 மாதத்துக்கு. விலை ஏறுகிற நாளில் உங்களுக்கு இன்னும் 18 மாதம் பாக்கி இருக்கும். அதற்குள் வெட்டினால் அபராதம். முகவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. ஆறு மாதத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு 24-ஐப் பாரத்தின் பின்பக்கத்துக்கு விட்டுவிடுகிறார், அவ்வளவுதான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகஸ்டில் ஓர் அக்கா வந்தார். பக்கத்து அடுக்குமாடியில் இருந்துகொண்டு வீட்டிலேயே பலகாரம் செய்து ஆர்டர் எடுப்பவர். பிப்ரவரியில் இணைப்பு வாங்கியிருந்தார். "தம்பி, ஆறு மாசம் முடிஞ்சிருச்சு. வேற கம்பெனியில 99 ரிங்கிட்டுக்குத் தர்றான். இதை வெட்டிடலாம்ல?" என்றார்.

"அக்கா, ஒப்பந்தப் பாரம் இருக்கா?"

"அதெல்லாம் எங்கய்யா இருக்கு!"

இருந்தது. பதிவு செய்த நாளில் மின்னஞ்சலுக்கு பிடிஎஃப் கோப்பாக வந்திருந்தது, அவர் திறந்து பார்க்கவில்லை. நீங்களும் அங்கேதான் தேட வேண்டும். மலாய்ப் பிரதியில் 'தெம்போ கொண்ட்ராக்' என்றும் ஆங்கிலப் பிரதியில் 'மினிமம் சப்ஸ்கிரிப்ஷன் பீரியட்' என்றும் இருக்கும். அதை ஒட்டியே 'ஏர்லி டெர்மினேஷன்' என்று அபராத விதி வரும்.

அக்காவின் பாரத்தில் அபராதம் 500 ரிங்கிட் என்று இருந்தது. கணக்குப் போட்டோம். இப்போது கட்டுவது 139, புதிய இடத்தில் 99. மாதம் 40 ரிங்கிட் மிச்சம். 500-ஐ 40-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. அதாவது, ஒப்பந்தத்தில் 13 மாதமோ அதற்கு மேலோ பாக்கி இருந்தால் அபராதம் கட்டிவிட்டு மாறுவது லாபம், அதற்குக் குறைவாக இருந்தால் நஷ்டம். அக்காவுக்கு 18 மாதம் பாக்கி. 18 மாதத்தில் மிச்சம் 720 ரிங்கிட்; அபராதம் போனால் கையில் 220 நிற்கும். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

பாரத்தை இன்னொரு பக்கம் புரட்டினேன். ஒப்பந்தம் முடியும் முன் வெட்டினால், அதுவரை கொடுத்த தள்ளுபடியையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. மாதம் 50 ரிங்கிட் வீதம் ஆறு மாதத் தள்ளுபடி 300 ரிங்கிட். ஆக, வெட்டுவதற்கு 500 இல்லை, 800. எண்ணூறை நாற்பதால் வகுத்தால் இருபது மாதம். பாக்கி இருப்பதோ பதினெட்டு. மாறினால் 80 ரிங்கிட் கைநஷ்டம், அதற்கு மேல் புதிய இடத்தில் மறுபடியும் 24 மாதக் கட்டு. அக்கா வெட்டவில்லை.

எல்லா ஒப்பந்தமும் இப்படி இருக்காது. சிலவற்றில் ஒரே தொகையாக அபராதம். சிலவற்றில் பாக்கி மாதங்களின் கட்டணம் முழுவதையும் கேட்பார்கள். அக்காவுக்கு அப்படி இருந்திருந்தால் 18 முறை 139, மொத்தம் 2,502 ரிங்கிட். அங்கே வெட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. தொலைக்காட்சியோ கைப்பேசியோ சேர்த்து 'இலவசமாக' வாங்கியிருந்தால் அதற்குத் தனி அபராதம் இருக்கலாம். ஆகவே வகுப்பதற்கு முன், வெட்டுவதற்கு ஆகும் மொத்தத் தொகை என்ன என்பதை முழுதாகத் திரட்டுங்கள். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, "இன்று வெட்டினால் நான் கட்ட வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்ன தொகை பிறகு மாறிவிட்டால் உங்களிடம் ஆதாரம் இருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அபராதம் ஒரே தொகையாக இருக்கும்போது, தள்ளிப்போடத் தள்ளிப்போட மாறுவதன் லாபம் குறைகிறது. "இன்னும் ரெண்டு மூணு மாசம் பார்ப்போம்" என்று இழுப்பவர்கள் இரண்டு பக்கமும் இழக்கிறார்கள். ஏறிய விலையையும் கட்டுகிறார்கள், அபராதத்தை ஈடுகட்டும் மாதங்களையும் விட்டுவிடுகிறார்கள். கணக்கு லாபம் காட்டினால் உடனே மாறுங்கள். காட்டாவிட்டால் ஒப்பந்தம் முடியும் வரை இருந்துவிடுங்கள்.

இந்தக் கணக்கைக் கையெழுத்துக்கு முன்பே போட்டிருந்தால் இன்னும் நல்லது. ஆறு மாதம் 89, பிறகு பதினெட்டு மாதம் 139. மொத்தம் 3,036 ரிங்கிட். இருபத்து நான்கால் வகுத்தால் மாதம் 126 ரிங்கிட் 50 காசு. அதுதான் உங்கள் உண்மையான விலை. சலுகையே இல்லாமல் 119-க்குக் கொடுக்கும் நிறுவனம், இரண்டு ஆண்டில் 180 ரிங்கிட் மலிவு. முகவரின் மேசையில் நிற்கும்போது 89 என்ற எண்தான் கண்ணுக்குத் தெரியும். கைப்பேசியில் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பாருங்கள்.

விளம்பரத்தில் போடும் விலையோடு 6 விழுக்காடு சேவை வரி பெரும்பாலும் சேர்ந்திருக்காது. 139 என்றால் கட்டுவது 147 ரிங்கிட் 34 காசு.

பில்லின் அடித்தொகையை மட்டும் பார்ப்பது

சலுகை ஓடும் மாதங்களில் பெரும்பாலான பில்களில் முழு விலை 139 என்றும், அதற்குக் கீழே 'ரிபேட்' என்று 50 கழித்தும் இருக்கும். பில்லில் இருக்கும் அந்த ரிபேட் கழிவுதான் உங்களுக்கு முன்னெச்சரிக்கை. முதல் பில்லிலேயே அதைக் கண்டுபிடித்து, எத்தனை பில்லுக்கு வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் பில்லில் பொருத்திய நாளிலிருந்து கணக்கிட்ட அரைகுறை மாதமும் அடுத்த மாத முன்பணமும் கலந்து வருவதால், அதை வைத்து மாதம் எண்ணினால் ஒன்று கூடும் அல்லது குறையும்.

"விலை குறைத்துத் தருகிறோம்" என்ற போனுக்கு உடனே தலையாட்டுவது

விலை ஏறியதும் வெட்டப்போவதாகச் சொன்னால், பல நிறுவனங்கள் இறங்கி வரும். மாதம் 20 ரிங்கிட் தள்ளுபடி, அல்லது அதே விலைக்குக் கூடுதல் வேகம். கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் போனில் நீங்கள் சொல்லும் "சரி" பல சமயம் புதிய 24 மாத ஒப்பந்தத்துக்கான சம்மதம். பதினெட்டு மாதம் பாக்கி இருந்தது மறுபடியும் இருபத்து நான்காகிவிடும்.

என் வாடிக்கையாளர் ஒருவர், ஜார்ஜ்டவுனில் இருக்கும் தன் அம்மாவின் வீட்டு லைனை வெட்டப் போனார். மகன் பெயரில் லைன், பயன்படுத்துவது அம்மா. ஒப்பந்தம் எப்போதோ முடிந்திருக்கும் என்று நம்பி நிம்மதியாக இருந்தார். இடையில் ஒரு நாள் வீட்டுக்கு வந்த போனில், வேகத்தைக் கூட்டித் தருகிறோம் என்றவரிடம் அம்மா "சரிப்பா" என்று சொல்லியிருந்தார். அந்த நாளிலிருந்து புதிய ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஒப்பந்தக்காரர் அல்லாதவரின் சம்மதம் செல்லாது என்று மகன் வாதாடினார். நிறுவனம் கேட்கவில்லை. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து, அதன் எண்ணை வைத்துக்கொண்டு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்குப் போகச் சொன்னேன். அந்த வரிசையில்தான் போக வேண்டும். நிறுவனத்திடம் கொடுத்த புகார் எண் இல்லாமல் நேரே ஆணையத்துக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

போன் வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இதை ஏத்துக்கிட்டா என் ஒப்பந்தம் எந்தத் தேதியில முடியும்?" பதிலை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தை நீட்டாமல் கிடைக்கும் தள்ளுபடி என்றால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பில் கட்டும் வங்கிக் கார்டை முடக்கிவிட்டால் லைன் நின்றுவிடும் என்று நினைப்பது

நிற்காது. பாக்கி ஏறும், வசூல் முகவர் கூப்பிடுவார், சிடிஓஎஸ் கடன் அறிக்கையில் பெயர் விழலாம்.

கடைசி நாளில் போய்ச் சொல்வது

பல ஒப்பந்தங்களில் 30 நாள் முன்னறிவிப்பு கேட்கிறார்கள். ஒப்பந்தம் ஜனவரி கடைசியில் முடிகிறதென்றால் டிசம்பர் கடைசிக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். அக்காவின் கைப்பேசியில் ஒப்பந்தம் முடியும் நாளுக்கு ஒன்றரை மாதம் முன்பாக நினைவூட்டல் வைத்துக் கொடுத்தேன். பேரம் பேச நல்ல நேரமும் அதுதான். அபராதம் இல்லாத வாடிக்கையாளர் போகிறேன் என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு.

ஒப்பந்தமே இல்லாத சந்தா

படம் பார்க்கும் செயலி, பிள்ளைகளின் பயிற்சிச் செயலி போன்றவற்றுக்கு மேலே சொன்ன கணக்கு வேண்டாம். அறிமுக விலையில் சேர்ந்த அன்றே ரத்து செய்துவிடலாம். பணம் கட்டிய காலம் முடியும் வரை பெரும்பாலும் பார்க்கலாம். முற்றிலும் இலவசமான சோதனைக் காலத்தில் மட்டும் கவனம்: சிலவற்றில் ரத்து செய்த நொடியே நின்றுவிடும். ஐபோன் வழியாகச் சேர்ந்திருந்தால் புதுப்பிக்கும் நேரத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக ரத்து செய்யுங்கள். வெளிநாட்டுச் செயலிகளுக்கு 2024 மார்ச் முதல் சேவை வரி 8 விழுக்காடு.

புதிய லைன் வருமுன் பழையதை வெட்டுவது

வேண்டாம். கோலாலம்பூர் கொண்டோக்களில் எல்லா நிறுவனத்தின் பைபரும் எல்லா கட்டடத்திலும் இல்லை. உங்கள் யூனிட்டுக்கு வருமா என்று உறுதி வாங்கிய பிறகே முன்னறிவிப்பு கொடுங்கள்.

ரூட்டரைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருப்பது

வெட்டிய பிறகு வரும் கடைசி பில்லில் பலரைத் திடுக்கிட வைப்பது இதுதான். ரூட்டர், சுவரோரம் இருக்கும் மோடம், கூடவே கொடுத்த மெஷ் பெட்டி எல்லாம் பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து. குறித்த நாளுக்குள் திருப்பவில்லை என்றால் விலை போட்டுவிடுவார்கள். மின்வயரோடு சேர்த்து எடுத்துப்போங்கள். பெட்டியின் அடியில் இருக்கும் வரிசை எண்ணைப் படம் பிடித்து வையுங்கள். கடையில் ஒப்படைத்ததற்கு அந்த எண் போட்ட ரசீது வாங்கி, கடைசி பில் பூஜ்யமாகி முன்பணம் கணக்கில் திரும்பும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.